யாரோ காத்திருக்கிறார்கள்

போன ஆடி மழையில் புனே கர்வே ரோட்டில், நள் ஸ்டாப் அருகே, ஒரு ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தது. ஓட்டி வந்த பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தார். நான் ஆட்டோவில் இருந்தேன். ரயில்வே ஸ்டேஷனில் சித்தி தனியாக வந்து இறங்கும் நேரம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "சலா, சலா" என்றேன்.

எனக்கு இரக்கம் இல்லையா, அல்லது நேரம்தான் இல்லையா? இந்தக் கேள்வியைச் சோதனையாக்கிப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இருந்த ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள். பேட்சன் இறையியலும் படித்தவர். பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையில், எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஓர் ஆசாரியனும் ஒரு லேவியனும் கண்டும் விலகிப் போனார்கள். அவர்கள் பெரிய மனிதர்கள், எங்கேயோ அவர்களுக்காக ஆட்கள் காத்திருந்திருக்கலாம். சமாரியனுக்கு அந்த நெருக்கடி இருந்திராது. இந்த ஊகத்திலிருந்துதான் சோதனை பிறந்தது.

பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு பேச்சுப் பேச வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன். புறப்படும்போது சிலரிடம், "நேரமாகிவிட்டது, அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்" என்றார்கள். சிலரிடம் "தயாராக இருக்கிறார்கள், நேரே போங்கள்" என்றும், மற்றவர்களிடம் "இன்னும் சில நிமிடம் ஆகும், ஆனாலும் கிளம்புங்கள்" என்றும் சொன்னார்கள். வழியில் ஒரு வாசற்படியில் ஒருவர் தலை கவிழ்ந்து, கண்மூடிச் சாய்ந்திருந்தார். ஆள் நெருங்கும்போது இருமி முனகினார்.

அவசரமில்லாதவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நடுத்தர அவசரத்தில் 45. தாமதமானவர்களில் 10 சதவீதம்தான்.

இந்தச் சோதனையைப் பற்றி 1973இல் வந்த கட்டுரையை, அதே பிரின்ஸ்டனில் தத்துவம் கற்பித்த கில்பர்ட் ஹார்மன் 1999இல் அரிஸ்டாட்டிலுக்கு எதிராக நிறுத்தினார். பழகப் பழக நற்குணம் ஊறி நிலைத்துவிடும், பிறகு அதுவே நம்மை நடத்தும் என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த அறவியல். நாலு வார்த்தை ஒருவரின் நடத்தையை இந்த அளவுக்கு மாற்றுமானால் அந்த நிலைத்த குணம் எங்கே என்று ஹார்மன் கேட்டார். ஒரு செயலைப் பார்த்ததும் சூழலை விட்டுவிட்டுக் குணத்தைக் காரணம் காட்டுவது மனித மனத்தின் அடிப்படைப் பிழை என்றார்.

ஹார்மன் இங்கே அளவுக்கு மீறிப் போகிறார் என்றே எனக்குப் படுகிறது. சோதனையில் ஒவ்வொரு மாணவரையும் ஒரே ஒருமுறைதான் பார்த்தார்கள். ஒருவருடைய குணம் நிலைக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதே ஆளைப் பல சூழல்களில் பின்தொடர வேண்டும். தவிர, அந்தப் பிழை எல்லா மனிதருக்கும் பொதுவா என்பதே சந்தேகம். அந்தச் சந்தேகம் வலுத்த இடம் நம் மைசூர்.

ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் சிகாகோவிலும் மைசூரிலும் மக்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். தெரிந்த ஒருவர் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லுங்கள், ஏன் செய்தார் என்றும் சொல்லுங்கள். 1984இல் வெளியான முடிவின்படி, பெரியவர்களில் அமெரிக்கர்கள் குணத்தைக் காரணம் காட்டியது மைசூர்க்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எட்டு வயதுக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. வளர வளரத்தான் வருகிறது.

மைசூரில் ஒருவர் சொன்ன கதை இது. ஒரு வக்கீல் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார். டயர் வெடிக்கிறது. பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வக்கீல் அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, எவ்வளவு மோசம் என்று டாக்டரிடம் கேட்காமலே கோர்ட்டுக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துபோகிறார். இதைக் கேட்ட அமெரிக்கர்கள் வக்கீலைப் பொறுப்பில்லாதவர் என்றார்கள். சொன்னவரோ, கட்சிக்காரருக்காகக் கோர்ட்டில் நிற்பது அவர் கடமை, பதற்றத்தில் குழம்பியும் இருக்கலாம் என்றார்.

பிரின்ஸ்டன் மாணவர்களிலும் சிலர் நிற்காமல் போனாலும் கலங்கித்தான் போய்ச் சேர்ந்தார்கள். கல்நெஞ்சம் அல்ல, இரண்டு கடமைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தவிப்பு என்றே டார்லியும் பேட்சனும் எழுதினார்கள். மைசூர்க்காரர் வக்கீலைப் பற்றிச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. நிற்காமல் ஓடினாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் "வழியில் ஒருவர் முடியாமல் கிடக்கிறார்" என்று சொன்னவரையும் உதவியவராகவே கணக்கில் சேர்த்தார்கள். காத்திருப்பவரையும் கைவிடாத வழி அது. வக்கீலுக்கு அது டாக்டரிடம் கேட்கும் ஒரு கேள்வி. அன்று ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் நின்றுதான் சித்திக்காகக் காத்திருந்தேன். அவரிடம் நான் சொல்லவில்லை.