'விடு' என்னும் வினையும் மூன்று இலக்கணச் சொற்களும்

செயப்படுபொருள் குன்றா வினை, துணைவினை, உட்தொடர் ஆகிய மூன்றும் தெரியாமல் எந்த இலக்கண நூலையும் பத்துப் பக்கம் தாண்ட முடியாது. ஆங்கில நூல்களில் இவற்றை டிரான்சிட்டிவ், ஆக்சிலரி, கிளாஸ் என்கிறார்கள். பெரும்பாலான நூல்கள் இவற்றைத் தனித்தனி இயல்களில், தனித்தனி வரையறைகளோடு தருகின்றன. வினையின் வகை முதலில் வரும், துணைவினை நடுவில் வரும், வாக்கிய அமைப்பு கடைசியில் வரும். இந்த வரிசை கற்பவரைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. உட்தொடரின் எல்லை தெரியாமல் துணைவினையை அடையாளம் காண முடியாது. துணைவினையைப் பிரித்தறியாமல் ஒரு வினை செயப்படுபொருளை ஏற்கிறதா என்று சொல்லவும் முடியாது. இதைக் காட்டுவதற்குத் தமிழில் 'விடு' என்ற ஒரே வினை போதும்.

பள்ளியில் கற்ற சோதனையிலிருந்து தொடங்கலாம். 'எதை?', 'யாரை?' என்று கேட்டால் விடை வருமானால் அது செயப்படுபொருள் குன்றா வினை; வராவிட்டால் குன்றிய வினை. 'கயிற்றை விட்டான்' என்பதில் எதை என்று கேட்கலாம். 'தூங்கினான்' என்பதில் கேட்க இயலாது. இதைத் தன்வினை, பிறவினை என்ற பாகுபாட்டோடு கலந்துவிடக் கூடாது. 'உண்டான்' தன்வினைதான், ஆனாலும் சோற்றை உண்டான் என்று செயப்படுபொருளை ஏற்கிறது. ஒருவர் தாமே செய்கிறாரா, பிறரைச் செய்விக்கிறாரா என்பது ஒரு கேள்வி. செயலுக்கு இலக்கான பொருள் வாக்கியத்தில் இடம்பெறுமா என்பது வேறு கேள்வி.

இந்தச் சோதனையைக் கண்ணை மூடிக்கொண்டு கையாண்டால் சிக்கல் வருகிறது. 'அவன் ஊரை விட்டுப் போனான்' என்ற வாக்கியத்தில் ஐ உருபு ஏற்ற பெயர் இருக்கிறது, முற்றுவினை 'போனான்'. எதை என்று கேட்டால் 'ஊரை' என்ற விடையும் கிடைக்கிறது. அதற்காகப் 'போ' செயப்படுபொருள் குன்றா வினை ஆகிவிடுமா? ஆகாது. 'ஊரை' என்பது 'விட்டு' என்பதோடு சேர்ந்தது, 'போனான்' என்பதோடு அன்று. 'பையன் தூங்கிவிட்டான்' என்பதில் நிலைமை தலைகீழ். முற்றுவினையின் வடிவம் 'விட்டான்'. 'விடு' இயல்பாகவே செயப்படுபொருளை ஏற்கும் வினை. இங்கோ எதை என்று கேட்கவே வழியில்லை. முதல் வாக்கியத்தில் உருபு இருந்தும் முற்றுவினைக்குச் செயப்படுபொருள் இல்லை. இரண்டாவதில் 'விடு' தன் செயப்படுபொருளையே இழந்து நிற்கிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்த வாக்கியத்தில் எத்தனை உட்தொடர்கள் உள்ளன என்பதே. ஒரு வினையும் அதற்குரிய எழுவாய், செயப்படுபொருள், அடைகள் ஆகியனவும் சேர்ந்த கூட்டமே உட்தொடர். ஆங்கில நூல்வழி இதைக் கற்றவர்கள் ஒவ்வோர் உட்தொடரிலும் ஒரு முற்றுவினையையும் அதை இணைக்கும் ஓர் இடைச்சொல்லையும் தேடுகிறார்கள். தமிழில் பெரும்பாலும் இரண்டும் கிடைக்காது. 'என்று' சேர்ந்து வரும் கூற்றுகள் போன்ற சில இடங்களை விட்டால், ஒரு வாக்கியத்துக்கு ஒரு முற்றுவினைதான். மற்ற உட்தொடர்கள் எல்லாம் எச்சத்தில் முடிகின்றன. 'மழை பெய்து பயிர் முளைத்தது' என்பதில் 'பெய்து' வினையெச்சம். ஆனாலும் அதற்குத் தனி எழுவாய் உண்டு. பெயரெச்சத்தில் இன்னும் நுட்பமான ஒன்று நிகழ்கிறது. 'பையன் எழுதிய கடிதம்' என்பதில் ஐ உருபு எங்குமே இல்லை. ஆனால் எழுதியது கடிதத்தைத்தான். உட்தொடருக்குள் இருக்க வேண்டிய செயப்படுபொருள் வெளியே வந்து, எச்சம் தழுவும் பெயராக நிற்கிறது. 'பையன் எழுதிய பேனா' என்றால் வெளியே நிற்பது கருவி. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என ஆறு வகைப் பெயர்களை எச்சம் கொள்ளும் என்று நன்னூல் வகுத்தது இந்த உறவைத்தான். அந்த விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள்கூட அதை உட்தொடரின் விதியாகப் பார்ப்பது அரிது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்தது துணைவினை. எச்சத்தை அடுத்து வரும் வினை தனி உட்தொடரைத் தொடங்குகிறதா, முன்வினையின் உட்தொடருக்குள்ளேயே அடங்கிவிட்டதா என்பதே இங்குள்ள கேள்வி. 'மீனைப் பிடித்து விட்டான்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். மீன் அவன் கையில் சிக்கிவிட்டது என்றும் பொருள்படும். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டான் என்றும் பொருள்படும். இடையே ஒரு சொல்லை நுழைத்துப் பார்த்தால் இரண்டும் பிரியும். 'மீனைப் பிடித்து ஆற்றில் விட்டான்' என்றால் உட்தொடர் இரண்டு. 'விடு' தன் முழுப் பொருளோடு நிற்கும் முதன்மை வினை. செயல் முடிந்ததைக் குறிக்கும் துணைவினையாக இருந்தால் இடையே 'ஆற்றில்', 'நேற்று' போன்ற எதையும் நுழைக்க முடியாது. 'பிடித்தேவிட்டான்' என்பதுபோல் ஏகாரம் முதலிய ஒட்டுகளை மட்டுமே அது அனுமதிக்கும்.

பேச்சு வழக்கு இதற்கு இன்னொரு சான்று தருகிறது. துணைவினை 'விடு' தேய்ந்து முன்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது: பிடிச்சிட்டான், தூங்கிட்டான். முதன்மை வினையாக வரும் 'விடு' அப்படித் தேய்வதில்லை. 'ஆத்துல விட்டான்' என்று முழுதாகவே ஒலிக்கிறது. அச்சில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வதைவிட இது நம்பத்தக்கது. துணைவினையைச் சேர்த்து எழுதுவதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு இருப்பதால், எழுத்து வழக்கு கைவிடும் இடத்தில் காது உதவுகிறது.

'விடு' எதற்குப் பின் வருகிறது என்பதும் முக்கியம். 'பையன் தூங்கிவிட்டான்', 'பையனைத் தூங்க விட்டாள்' ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் வினையெச்சத்துக்குப் பின் வந்த 'விடு' துணைவினை, எழுவாய் ஒன்றே. பின்னதில் 'தூங்க' என்ற செய என் எச்சத்துக்குப் பின் வந்து, அனுமதிக்கும் பொருளைத் தருகிறது. தூங்குபவன் ஒருவன், விடுபவள் வேறொருத்தி. 'பையனை' என்ற செயப்படுபொருள் 'விடு' என்பதற்கு உரியது. இழந்த செயப்படுபொருளை 'விடு' இங்கே திரும்பப் பெற்றுவிட்டது.

இனி ஒரு நீண்ட வாக்கியம்: 'அக்கா கடையை விட்டு வந்ததும் தம்பியைத் தூங்க விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.' இதில் 'விடு' நான்கு முறை வருகிறது. இரண்டாவது மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத முதன்மை வினை. அதன் செயப்படுபொருள் 'தம்பியை'. மூன்றாவதும் நான்காவதும் துணைவினைகள். அவற்றுக்குத் தனி உட்தொடர் இல்லை. 'வந்ததும்', 'தூங்க', 'விட்டுவிட்டு', 'எழுதிவிட்டாள்' என்ற நான்கு இடங்களில் உட்தொடர்கள் முடிகின்றன. இந்த எல்லைகளை வரைந்த பிறகே 'எழுது' என்பதன் செயப்படுபொருள் 'கடிதம்' என்பது தெளிவாகும். அஃறிணைப் பெயர் பொதுவாகச் சுட்டப்படும்போது உருபு தொக்கு நிற்கலாம் என்பதால் அதில் ஐ இல்லை. உருபை மட்டும் தேடிச் சென்றவர் தம்பியையும் கடையையும் பிடித்துக்கொண்டு கடிதத்தைக் கோட்டைவிட்டிருப்பார்.

எஞ்சியது முதல் 'விட்டு'. 'படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனான்' என்பதில் அது வினையெச்சம் என்பதில் ஐயமில்லை. 'படிப்பை விட்டான்' என்று தனி வாக்கியமாகவும் ஆக்கலாம். 'சுவரை விட்டு மூன்றடி தள்ளி பீரோ நிற்கிறது' என்பதில் பீரோ எதையும் விடவில்லை. அங்கே 'விட்டு' வினைத்தன்மை இழந்து, 'இருந்து' என்பதைப் போன்ற சொல்லுருபாகிவிட்டது. ஐ உருபை மட்டும் பழைய உறவின் மிச்சமாக வைத்திருக்கிறது. 'கடையை விட்டு வந்ததும்' என்பது இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. கடையிலிருந்து வந்ததும் என்று மாற்றினாலும் பொருள் கெடாததால் நான் அதைச் சொல்லுருபாகவே கொண்டு நான்கு உட்தொடர் என எண்ணினேன். வினையெச்சமாகக் கொள்பவர் ஐந்து என்பார். அவர் கணக்கில் 'கடையை' ஒரு வினையின் செயப்படுபொருள், என் கணக்கில் அப்படி அன்று.