நந்திதா தாஸ்: 'சியாமா'வுக்கு அப்பால் ஒரு படப்பட்டியல்

எம்மில் பலருக்கு நந்திதா தாஸ் என்றால் மாங்குளத்துச் சியாமாதான். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில், இராமேஸ்வரத்தில் பிள்ளையைப் பெற்று, விட்டுவிட்டுத் திரும்பிய தாய். அந்தப் படம் எங்களைச் சரியாகக் காட்டியதா என்ற விவாதம் எங்கள் வீட்டிலேயே பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண் வேறு என்ன செய்திருக்கிறார் என்று நாங்கள் யாரும் தேடிப் பார்த்ததில்லை. ஒருநாள் இரவு அவருடைய முழுப் படப்பட்டியலையும் திறந்து, மேலிருந்து கீழாக வாசித்தேன்.

IMDb தளத்தில் ஒரு நடிகரின் பெயரைத் திறந்தால் முதலில் "Known for" என்று நான்கு படங்கள் தெரியும். அதோடு நிறுத்தினால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலும் பலரும் பார்த்த படங்களையே கணினி அங்கே கொண்டுவந்து வைக்கும். கீழே இறங்கி முழுப் பட்டியலுக்குப் போக வேண்டும். விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பக்கத்தில் இருக்கும் அட்டவணை எனக்கு இன்னும் உதவியது. ஆண்டு, படம், பாத்திரம், மொழி என்று நிரல்கள் இருக்கும். நான் மொழி நிரலைத்தான் முதலில் பார்ப்பேன். ஒருவர் தனக்குப் பழக்கமான மொழியை விட்டு எங்கே போயிருக்கிறாரோ, அங்கேதான் பெரும்பாலும் நாம் அறியாத படம் இருக்கும்.

2002ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' இருக்கிறது, தங்கர் பச்சானின் 'அழகி' இருக்கிறது. இரண்டும் நாம் பார்த்தவை. அதே ஆண்டில் வங்காள மொழியில் 'ஆமார் புவன்' என்று ஒன்று. இயக்கியவர் மிருணாள் சென். அவருடைய கடைசிப் படம் அது. கைவிட்ட முதல் கணவன் வெளிநாட்டில் உழைத்துப் பணக்காரனாக ஊர் திரும்ப, ஏழையான இரண்டாவது கணவனோடு வாழும் சகீனாவாக நந்திதா வருகிறார். கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது இந்தப் பாத்திரத்துக்குத்தான். வெளிநாட்டுக் காசு ஒரு ஊருக்குள் வரும்போது உறவுகளுக்குள் என்ன நடக்கும் என்பது எமக்குப் புதிதல்ல.

மலையாள வரிசையில் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'நாலு பெண்ணுங்கள்' (2007). தகழி சிவசங்கரப் பிள்ளையின் நான்கு கதைகள். கடைசிக் கதையில், தன்னைப் பெண் பார்க்க வந்தவன் தங்கையை விரும்பிவிட, தனித்துப் போகும் காமாட்சி இவர்தான். பேச்சு குறைவு, முகம்தான் கதை சொல்கிறது.

தமிழிலேயே நான் தவறவிட்டது சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012). கடலில் மீட்கப்பட்ட ஈழத்து அகதிக் குழந்தையொன்று தமிழகத்து மீனவனாக வளரும் கதை அது. அவனுடைய மனைவி எஸ்தராக இளவயதில் வருபவர் சுனைனா, முதுமையில் வருபவர் நந்திதா. திரையில் அவர் இருக்கும் நேரம் சொற்பம். ஆனால் கணவன் எங்கே என்ற கேள்வியை ஆண்டுக்கணக்காக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்த ஒருத்தியின் அமைதி அந்த நேரத்துக்குள் இருக்கிறது. எங்கள் ஊர்களில் இதைப் பார்ப்பது இலகுவல்ல. பார்க்கும்முன் தெரிந்திருப்பது நல்லது.

இவ்வளவும் நடிப்புப் பகுதியில் கிடைப்பவை. பலரும் தவறவிடுவது "Director" என்ற பகுதியை. நான் தேடிய இரவில் எனக்குப் பெரிதாகக் கிடைத்தது அங்கேதான்: 'ஃபிராக்'. நந்திதா இயக்கிய முதல் முழுநீளப் படம். அதில் அவர் நடிக்கவில்லை; ஆகவே நடிப்புப் பட்டியலை எத்தனை தடவை புரட்டினாலும் அது வராது.

2002 குஜராத் வன்முறைக்கு ஒரு மாதத்தின் பின், ஒரே நாளில் நடக்கும் பல குடும்பங்களின் கதை. வன்முறையை அவர் காட்டவில்லை, அதன் பிறகான நாளைத்தான் காட்டுகிறார். அதில் தீப்தி நவல் நடித்த ஆர்த்தி என்ற குடும்பப் பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. விரட்டப்பட்டு வந்து கதவைத் தட்டிய ஒரு பெண்ணுக்கு அவள் கதவைத் திறக்கவில்லை. இப்போது தன் கையையே சுட்டுக்கொள்கிறாள். உயிர் தப்பியவர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கதவுக்குப் பின்னால் நின்றவர்களின் கதையை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள்? சியாமாவாக நடித்த ஆறு ஆண்டுகளின் பின் அவர் எடுத்தது இது.

தேடும்போது இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது ஆண்டு. 'ஃபிராக்' ஓரிடத்தில் 2008, இன்னோரிடத்தில் 2009 என்று இருக்கும். விழாக்களில் முதலில் காட்டப்பட்டது 2008இல், இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது 2009இல். இரண்டும் ஒரே படம். இரண்டாவது பெயர். ராஜஸ்தானில் நடந்த ஓர் உண்மை வழக்கைத் தழுவிய 'பவந்தர்' (2000), 'சாண்ட்ஸ்டோர்ம்' என்ற பெயரிலும் இருக்கிறது. ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். வங்காளப் படத்தை Aamar Bhuvan, Amar Bhuvan என்று இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும்.

புள்ளிகளைப் பார்த்துப் படத்தை ஒதுக்காதீர்கள். பக்கத்தில் எத்தனை பேர் வாக்களித்திருக்கிறார்கள் என்று இருக்கும். சில நூறு பேரே வாக்களித்த படத்தின் புள்ளி, அந்தச் சில நூறு பேரின் விருப்பம் மட்டுமே.

பட்டியலில் பெயர் இருப்பதால் படம் கையில் கிடைத்துவிடாது. 'ஆமார் புவன்' படத்தை ஆங்கில உபதலைப்புகளோடு நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். 'நீர்ப்பறவை' மட்டும் இலகுவாகக் கிடைத்தது. அதை அம்மாவோடு பார்ப்பதா, தனியாகப் பார்ப்பதா என்று யோசித்து, கடைசியில் தனியாகத்தான் பார்த்தேன்.