பளபளப்புத் தரையின் பிரதிபலிப்பு: திரைவெளி முறையா, புரோப் முறையா?

உள்ளரங்கக் காட்சிகளை நிகழ்நேரத்தில் ரெண்டர் செய்பவர்கள் பளபளப்பான தரையின் பிரதிபலிப்புக்குப் பெரும்பாலும் இரண்டு முறைகளில் ஒன்றை நாடுகின்றனர். திரைவெளி முறையான எஸ்.எஸ்.ஆர்., திரையில் ஏற்கெனவே வரையப்பட்ட பிக்சல்களிலும் டெப்த் பஃபரிலும் கதிரைப் படிப்படியாக நகர்த்தி, அது எந்தப் பரப்பில் மோதுகிறது என்று தேடுகிறது. புரோப் முறை, அறைக்குள் ஒரு புள்ளியிலிருந்து ஆறு திசைகளிலும் முன்கூட்டியே எடுத்த கியூப்மேப்பிலிருந்து நிறத்தைப் படிக்கிறது. முதலாவது துல்லியமானது, இரண்டாவது தோராயமானது, எனவே செலவு கட்டுப்படியானால் முதலாவதே மேல் என்ற கருத்து பரவலாக உண்டு. பளபளப்புத் தரையைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: புரோப்பே அடித்தளம், எஸ்.எஸ்.ஆர். அதன்மேல் இடும் திருத்தம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓர் அறையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூரை 3 மீட்டர் உயரம், எதிர்ச்சுவர் 7.5 மீட்டர் தொலைவு, கேமரா 1.6 மீட்டர் உயரத்தில், 20 பாகை கீழ்நோக்கிச் சாய்ந்து, 60 பாகைச் செங்குத்துப் பார்வைக்கோணத்துடன் நிற்கிறது. திரையின் மேல்விளிம்பு கிடைமட்டத்துக்கு மேல் 10 பாகையை மட்டுமே தொடும். அது எதிர்ச்சுவரில் சுமார் 2.9 மீட்டர் உயரத்தில் முடிகிறது. கூரையில் ஒரு புள்ளிகூடத் திரையில் இல்லை. ஆனால் தரையில் 1.3 மீட்டர் முதல் சுமார் 2.6 மீட்டர் தொலைவு வரையுள்ள பகுதி, நடுவில் பொருள் எதுவும் மறிக்காத இடத்தில், கூரையைத்தான் பிரதிபலிக்க வேண்டும். திரையின் கீழ்ப்புறத்தில், மொத்தத் திரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அது நிரப்புகிறது. அங்கே எஸ்.எஸ்.ஆர். எத்தனை அடிகள் நகர்ந்து தேடினாலும் விடை கிடைக்காது. தேடலின் தரம் இதற்குக் காரணமன்று. தேவையான தகவலே அந்தச் சட்டகத்தில் இல்லை. கேமராவைச் சற்று நிமிர்த்தினால் கூரை விளக்கின் பிம்பம் தரையில் தோன்றும், குனித்தால் மறையும். பயனர் கண்டுகொள்ளும் பிழை இதுதான்.

இதே அறையில் புரோப் எப்படி நடந்துகொள்கிறது? கியூப்மேப்பை அப்படியே படித்தால், சுற்றுப்புறம் எல்லையற்ற தொலைவில் இருப்பதாகக் கொள்ளப்படுவதால், பிம்பம் தரைமேல் வழுக்கிச் செல்லும். இதற்கான தீர்வு பெட்டித் திருத்தம்: தரைப்புள்ளியிலிருந்து எழும் கதிர் அறையின் பெட்டி எல்லையை எங்கே சந்திக்கிறது என்று கண்டு, புரோப்பின் மையத்திலிருந்து அந்தச் சந்திப்புப் புள்ளியை நோக்கிய திசையில் கியூப்மேப்பைப் படிப்பது. லகார்டும் சனூட்டினியும் 2012-இல் சிக்ராஃப் மாநாட்டில் இதன் ஒரு செம்மையான வடிவத்தை முன்வைத்தனர். இன்றைய எஞ்சின்களில் இது சாதாரண வசதி. அறை செவ்வகமாக இருந்து பெட்டியும் சுவரோடு பொருந்தினால் கூரை, விளக்கு, ஜன்னல் மூன்றும் உரிய இடத்தில் விழும். கேமரா எங்கே திரும்பினாலும் அசையாது. இதன் குறை அறையின் நடுவே உள்ள பொருள்களில் தெரிகிறது. நாற்காலிக்கால் சுவரில் ஒட்டிய படமாகக் கருதப்படுவதால், தரையைத் தொடும் இடத்தில் அதன் பிம்பம் இல்லாமல் போய், நாற்காலி மிதப்பதாகத் தோன்றும். இங்கேதான் எஸ்.எஸ்.ஆர். தேவை. காலும் தரையும் சந்திக்கும் இடத்தில் கதிர் மிகக் குறுகியது. மோதும் பரப்பும் பெரும்பாலும் திரையிலேயே இருக்கும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெருகேற்றிய கல் தரை 2 மீட்டர் தொலைவில் ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே பிரதிபலிக்கிறது. 6 மீட்டரில் அது சுமார் 25 விழுக்காடாக உயர்கிறது. எஸ்.எஸ்.ஆர். தோற்கும் இடத்தில் பிரதிபலிப்பு மங்கலாகவும் வெல்லும் இடத்தில் வலுவாகவும் இருந்தால், தோல்வியைப் பொருட்படுத்துவானேன்? சுவரைப் பற்றி மட்டும் பேசினால் இது சரி. ஆனால் கூரையில் இருப்பது விளக்கு. அதன் ஒளிர்வு சுவரினதைவிடப் பன்மடங்கு. அதில் 6 விழுக்காடே தரையில் மிகப் பிரகாசமான திட்டாகத் தெரியப் போதும். அது திடீரென அணைவதைக் கண் தவறவிடாது.

புரோப் உறைந்த படம், மாறும் காட்சிக்கு ஆகாது என்பது அடுத்த மறுப்பு. உள்ளரங்கத்தில் சுவரும் கூரையும் மாறுவதில்லை. மாறுவன விளக்கின் நிலையும் சிறு பொருள்களும். விளக்கு அணையும்போது புரோப்பை மீண்டும் எடுக்கலாம். ஆறு முகங்களையும் பல ஃபிரேம்களில் பகிர்ந்தால் சுமை தாங்கக்கூடியதே. நகரும் பொருளின் தொடுபிம்பத்தை எஸ்.எஸ்.ஆர். கவனித்துக்கொள்ளும். ‘ட’ வடிவ அறையில் ஒரே பெட்டி பொருந்தாது என்பது உண்மை. அங்கே இரண்டு புரோப்கள் வேண்டும், அவை கலக்கும் எல்லையை வாசற்படி போன்ற இடத்தில் வைக்க வேண்டும். மேசையின் அடிப்பரப்பை இரண்டு முறைகளுமே சரியாகக் காட்டா. டெப்த் பஃபரில் மேசையின் மேற்பரப்பு மட்டுமே பதிவாகியிருக்கும். அது காட்சிக்கு இன்றியமையாததானால் தளப் பிரதிபலிப்புக்கோ கதிர்த்தடத்துக்கோ செலவிட வேண்டியதுதான்.

ஆகவே வேலையின் வரிசை தெளிவு. முதலில் எஸ்.எஸ்.ஆரை அணைத்துவிட்டுப் பெட்டியின் எல்லையையும் புரோப்பின் ஒளியளவையும் தரை நம்பும்படி ஆகும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு எஸ்.எஸ்.ஆரை இயக்கி, கதிர் நீளத்தைக் குறுக்கி, திரை விளிம்பை நெருங்கும்போது அதன் பங்கு படிப்படியாகக் குறையுமாறு அமைக்க வேண்டும். கேமராவை மேலும் கீழும் சாய்க்கும்போது தரையின் பிரகாசம் மாறினால், பிழை பெரும்பாலும் புரோப்பின் ஒளியளவிலோ பெட்டியிலோ இருக்கும், எஸ்.எஸ்.ஆரின் தரத்தை உயர்த்துவது அதைத் தீர்க்காது.