கனடா விசா ஃபார்மை திறந்தா 'Please wait...' மட்டும் வருதா? ஃபைல் கெட்டுப்போகல.. காரணம் இதுதான்!

கனடாவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போக விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் பலர் முதலில் தடுமாறும் இடம், IMM 5257 என்ற விண்ணப்பப் படிவம். கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இருந்து பி.டி.எஃப் ஆக டவுன்லோடு ஆகும். ஆனால் போனில் தொட்டுத் திறந்தால் படிவம் வராது. அதற்குப் பதிலாக 'Please wait...' என்று பெரிய எழுத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே கொஞ்சம் ஆங்கிலம். அவ்வளவுதான்.

'காத்திருங்கள்' என்றுதானே சொல்கிறது என்று காத்திருந்தால் எவ்வளவு நேரம் ஆனாலும் எதுவும் மாறாது. நெட் ஸ்லோவாக இருப்பதாலும் இது வரவில்லை. போனை ரீஸ்டார்ட் செய்தாலும், திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்தாலும் அதே பக்கம்தான் வரும்.

அந்த வாசகம் என்ன சொல்கிறது?

'Please wait...' என்ற வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான செய்தி. கொஞ்ச நேரத்தில் இந்த வாசகம் மறைந்து ஆவணம் தெரியவில்லை என்றால், உங்கள் பி.டி.எஃப் வியூவரால் இந்த வகை ஆவணத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம், அடோபி ரீடரின் புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். பிரச்சினை ஃபைலில் இல்லை, அதைத் திறக்கும் ஆப்பில்தான் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. 'காத்திருங்கள்' என்பதைத் தலைப்பாகப் போட்டதால்தான் எல்லோரும் ஏமாந்து போகிறார்கள்.

ஒரே கவர், உள்ளே ரெண்டு காகிதம்

இந்தப் படிவங்கள் எக்ஸ்.எஃப்.ஏ என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டவை. வெளியே பார்த்தால் பி.டி.எஃப், உள்ளே இருப்பது வேறு. ஒரு தபால் கவருக்குள் ரெண்டு காகிதம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்லா ஆப்புகளும் படிக்கக்கூடிய ஒரே ஒரு சாதாரணப் பக்கம். அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதே 'Please wait...' வாசகம்தான். இன்னொன்று, நிஜமான படிவம். அது பக்கமாக அச்சடித்து வைக்கப்படவில்லை, எந்தக் கட்டம் எங்கே வர வேண்டும், என்ன எழுதினால் என்ன நடக்க வேண்டும் என்ற குறிப்புகளாக, எக்ஸ்.எம்.எல் வடிவில் உள்ளே இருக்கும்.

அடோபியின் கம்ப்யூட்டர் ரீடர் அந்தக் குறிப்புகளைப் படித்து, படிவத்தை அங்கேயே வரைந்து காட்டிவிடும். மற்ற பெரும்பாலான ஆப்புகளுக்கு அந்த மொழி தெரியாது. அதனால் தங்களுக்குப் புரிகிற அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

இதை நீங்களே சரிபார்க்கலாம். திரையில் தெரிவது ஒரே பக்கம், அதிலும் நாலைந்து வரிதான். ஆனால் ஃபைலின் சைஸைப் பார்த்தால் சில நூறு கேபி இருக்கும். நாலு வரிக்கு அவ்வளவு தேவையே இல்லை. மீதி எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் படிவம்.

ஏன் இப்படி ஒரு படிவம்?

காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண பி.டி.எஃப் படிவத்தில் கட்டங்கள் போட்டது போட்டபடி இருக்கும். எக்ஸ்.எஃப்.ஏ படிவம் நாம் நிரப்ப நிரப்ப மாறும். ஒரு கேள்விக்கு 'ஆம்' என்றால் அடுத்த கட்டம் திறக்கும், இன்னொரு வரி தேவைப்பட்டால் சேர்ந்துகொள்ளும், விட்டுப்போன இடத்தைச் சுட்டிக்காட்டும். எல்லாம் முடிந்ததும் நாம் எழுதிய விவரங்களை பார்கோடாக மாற்றிக் கடைசியில் ஒட்டிவிடும். அந்த பார்கோடை ஸ்கேன் செய்தால் போதும், அதிகாரி ஒவ்வொரு பெயரையும் பிறந்த தேதியையும் திரும்ப டைப் செய்ய வேண்டியதில்லை. அப்போது அரசுத் துறைகளுக்கு இது பெரிய வசதி.

ஒரு கொசுறு தகவல். இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய ஜெட்ஃபார்ம் நிறுவனம் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவைச் சேர்ந்தது. பிறகு அது ஆக்ஸெலியோ என்று பெயர் மாறியது, 2002-ல் அடோபி அதை வாங்கியது. அடுத்த ஆண்டே பி.டி.எஃப்-க்குள் எக்ஸ்.எஃப்.ஏ நுழைந்துவிட்டது. ஆனால் அது அடோபியின் சொந்தச் சரக்காகவே இருந்தது, எல்லோருக்குமான பி.டி.எஃப் தரவிதிகளுக்குள் முழுசாக வரவில்லை. அதனால் மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. 2017-ல் வந்த பி.டி.எஃப் 2.0 தரவிதி, எக்ஸ்.எஃப்.ஏ-வைக் கைவிட வேண்டியவற்றின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. படிவங்கள்தான் இன்னும் கைவிடவில்லை.

போனில் வழியே இல்லையா?

இல்லை. 'அடோபி ரீடருக்கு மாறுங்கள்' என்று அதில் இருப்பதைப் படித்துவிட்டு பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் அடோபி ஆப்பை இறக்குகிறவர்கள் அதிகம். அந்த மொபைல் ஆப்பும் இந்த வகைப் படிவத்தைத் திறக்காது, பெயர் ஒன்றாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ரீடர் வேறு. விண்டோஸ் அல்லது மேக் கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும்.

மதுரையில் இருக்கும் ஒரு அப்பா, டொரன்டோவில் இருக்கும் மகன் சொன்னபடி இந்தப் படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். அங்கே லிங்க்கை கிளிக் செய்ததும் படிவம் பிரவுசருக்குள்ளேயே திறந்து, அங்கேயும் 'Please wait...' வரும். பயப்பட வேண்டாம். மேலே இருக்கும் டவுன்லோடு பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் படிவத்தோடு சேர்த்து முழு ஃபைலும் கம்ப்யூட்டரில் இறங்கிவிடும். இங்கே பலர் செய்யும் தப்பு, பிரிண்ட் போய் 'Save as PDF' கொடுப்பது. அப்படிச் செய்தால் அந்த 'Please wait...' பக்கம் மட்டும்தான் புது பி.டி.எஃப் ஆகும், படிவம் போச்சு.

இறங்கிய ஃபைலை டபுள் கிளிக் செய்தால் விண்டோஸில் பெரும்பாலும் எட்ஜ் பிரவுசர்தான் திறக்கும், மேக் என்றால் பிரிவியூ. அதனால் ரைட் கிளிக் செய்து, 'Open with' போய், அக்ரோபாட் ரீடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கனடா குடிவரவுத் துறை கேட்பது ரீடர் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. இப்போது அடோபி தளத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும், காசு கட்டும் அக்ரோபாட் தேவையில்லை. சென்டரில் ரீடர் இருக்கிறதா என்று உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

'Validate' பட்டனை மறக்காதீங்க

அப்பா எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டார். இப்போது படிவத்தில் இருக்கும் 'Validate' பட்டனை அழுத்த வேண்டும். ஏதாவது விட்டுப்போயிருந்தால் எந்த இடம் என்று படிவமே காட்டும். சரியாக இருந்தால் கடைசிப் பக்கத்தில் பார்கோடு வந்து உட்காரும். பார்கோடு வந்துவிட்டதா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகு சேவ் செய்ய வேண்டும். அதன்பின் ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுபடி 'Validate' அழுத்த வேண்டும்.

பட்டனை அழுத்தியும் ஒன்றுமே நடக்கவில்லையா? ரீடரின் 'Preferences' பகுதியில் 'JavaScript' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'Enable Acrobat JavaScript' கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் கட்டங்களை நிரப்ப முடிந்தாலும் பார்கோடு வராது.

நிரப்பிய ஃபைலை அனுப்பும்போது வரும் குழப்பம்

சேவ் செய்த ஃபைலை அப்பா வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்புகிறார். மகன் டொரன்டோவில் போனில் திறக்கிறார். அவருக்கும் 'Please wait...' தான்! 'அப்பா, வெறும் ஃபைல் வந்திருக்கு' என்று போன் வரும். இந்த இடத்தில்தான் பலர் ரெண்டு மணி நேர வேலையை டெலிட் செய்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். தேவையே இல்லை. எழுதியது எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, மகன் கம்ப்யூட்டரில் ரீடர் வழியாகத் திறந்தால் தெரியும்.

போனிலேயே சரிபார்க்க வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. ரீடரில் படிவம் முழுசாகத் தெரியும்போது பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பெயரில் 'Microsoft Print to PDF' தேர்ந்தெடுத்தால், படம் போல ஒரு தட்டையான காப்பி கிடைக்கும். அது எந்தப் போனிலும் திறக்கும். பெயர், பாஸ்போர்ட் எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் அதைப் படித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலில் ஏற்ற வேண்டியது 'Validate' செய்து சேவ் செய்த ஒரிஜினல் ஃபைல்.

ஏற்றிய பிறகு போர்ட்டலில் திறந்து பார்த்தால் அங்கேயும் 'Please wait...' தெரியலாம். காட்டுவது உங்கள் பிரவுசர் என்பதால் அப்படி வருகிறது. போய்ச் சேர்ந்தது சரியான ஃபைலா என்று சந்தேகம் இருந்தால், ஏற்றிய அதே ஃபைலைக் கம்ப்யூட்டரில் ரீடரில் திறந்து பார்கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் கவலைப்பட வேண்டியது, பிரவுசரில் இருந்து பிரிண்ட் எடுத்த 'Please wait...' பக்கத்தை ஏற்றியவர்கள்தான். அதற்குள் எதுவுமே இல்லை, விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திரும்பி வரக்கூடும்.

கன்வர்ட்டர் தளங்கள் வேண்டாம்

இந்த வகை ஃபைலை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இலவசத் தளங்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் அந்த 'Please wait...' பக்கத்தையே வேர்டு ஃபைலாகவோ படமாகவோ மாற்றித் தரும். நிரப்பிய படிவத்தைக் கொடுத்தால், பாஸ்போர்ட் எண்ணும் குடும்ப விவரமும் யாரென்றே தெரியாதவர்களின் சர்வருக்குப் போய்விடும். அதேபோல பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் 'Downloads' ஃபோல்டரில் இருக்கும் உங்கள் ஃபைலை அழித்துவிட்டு எழுந்திருங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2021 அக்டோபரில் வந்த 93-வது பதிப்பில் இருந்து எக்ஸ்.எஃப்.ஏ படிவங்களைக் காட்டுகிறது. கம்ப்யூட்டரில் ரீடர் இல்லாதபோது படிவத்தில் என்னென்ன கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்க உதவும். 'Validate', பார்கோடு வேலைக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், அங்கே ரீடர்தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். அந்த எச்சரிக்கை வாசகம் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ரீடர் இருப்பதாகச் சொல்கிறது. ஆனால் லினக்ஸுக்கு அடோபி கடைசியாக வெளியிட்டது 2013-ல் வந்த 9.5.5 பதிப்பு, அதோடு நிறுத்திக்கொண்டது. கனடா கேட்பதோ 10-க்கு மேல். இன்னொருவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் போவதுதான் சுலபமான வழி.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்த 'Please wait...' பழைய சொந்தம்தான். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் MCA21 தளத்தில் பல ஆண்டுகளாக இருந்த பி.டி.எஃப் இ-ஃபார்ம்களும் பிரவுசரில் இதையேதான் காட்டும். அங்கே V3 வந்த பிறகு படிவங்கள் ஒவ்வொன்றாக, தளத்திலேயே நேரடியாக நிரப்பும் முறைக்கு மாறின. முன்பு டவுன்லோடு செய்து வைத்த பழைய படிவங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், அவற்றைத் திறந்து பார்க்க இப்போதும் ரீடர்தான் வேண்டும்.