5.10 அடின்னா 155 செ.மீ இல்லைங்க!

பழைய விளையாட்டு விழா மலரை ஸ்கேன் செய்து, அதிலுள்ள உயரப் பட்டியலை செ.மீ-க்கு மாற்றப் போறீங்களா? கணக்கு ஈஸிதான். ஒரு அடிக்கு 12 அங்குலம். ஒரு அங்குலம் மிகச் சரியாக 2.54 செ.மீ. அடியை 12-ஆல் பெருக்கி, மீதி அங்குலத்தைக் கூட்டி, மொத்தத்தை 2.54-ஆல் பெருக்கணும். அவ்வளவுதான். ஆனா, ஆளையே குள்ளமாக்கும் தவறுகள் இந்தக் கணக்குக்கு முன்னாடியே நடந்துடும்.

காணாமல்போகும் பூஜ்யம்

கபடி அணிப் பட்டியலில் ஒருவரின் உயரம் 5.10 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை. 5 அடி 10 அங்குலம் என்பதைத்தான் அப்படி எழுதியிருக்காங்க. ஆனால் கூகுள் ஷீட்ஸில் அப்படியே பேஸ்ட் செய்தால், கடைசி பூஜ்யம் போய் 5.1 ஆகிடும். அதை 5 அடி 1 அங்குலம்னு எடுத்தால் 155 செ.மீ வரும். அவருடைய உண்மையான உயரமோ 178 செ.மீ!

அதனால், பேஸ்ட் செய்யும் முன்பே அந்த காலத்தைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரில் Format > Number > Plain text கொடுத்துடுங்க. பிறகு, B காலத்தில் அடியையும் C காலத்தில் அங்குலத்தையும் தனித்தனியாக நிரப்பி, D-யில் இதைப் போடுங்க:

```
=ROUND((B2*12+C2)*2.54,0)
```

5-ம் 10-ம் கொடுத்தால் 70 அங்குலம், அதாவது 177.8, முழு எண்ணாக 178. அங்குலக் கணக்கில் அளந்த உயரத்துக்கு 177.80 என்று தசமம் போட்டால், இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும்.

கோடு எண்ணாகும்போது

5'7" என்பதிலுள்ள சின்னக் கோட்டை ஸ்கேன் 1 என்று படித்து, 517 ஆக்கிவிடலாம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அங்குலம் ஒருபோதும் 11-ஐத் தாண்டாது; 12-ம் அதற்கு மேலும் வந்தால் ஏதோ தப்பு. பட்டியலில் 5.75 மாதிரி எண்கள் இருந்தால், அது நிஜமாகவே தசம அடி. அதை நேராக 30.48-ஆல் பெருக்கணும்.

5'1" என்பது 5'11 ஆகிவிட்டால் இந்தச் சோதனையில் சிக்காது. அதனால் 1, 11 என்று வரும் வரிகளை மட்டுமாவது ஒரிஜினல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க.

தாண்டிய தூரத்துக்கும் இதேதான்

நீளம் தாண்டுதலில் 18 அடி 6½ அங்குலம் என்றிருந்தால், அந்த ½ ஸ்கேனில் சிதைந்துபோக வாய்ப்பு அதிகம். C-யில் கையால் 6.5 என்று டைப் செய்யுங்க. 222.5 அங்குலம், 565 செ.மீ. அந்த அரை அங்குலத்தை விட்டால் 564 ஆகிடும். முதலிடமும் இரண்டாமிடமும் மாற அந்த ஒரு செ.மீ போதுமே!