ட்ராய்ட்ஸ்கி கோடு பிறந்த கதை

ஒரு ராஜாவும் இரண்டு குதிரைகளும் தனி ராஜாவை வற்புறுத்தி மேட் செய்ய முடியாது. எதிராளியிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தால் மட்டும் பல நிலைகளில் முடியும். எதிராளிக்குப் பலம் கூடும்போது அவன் தோற்கிறான் என்ற இந்த விசித்திரம்தான் சதுரங்க வல்லுநர்களை நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தூங்கவிடவில்லை.

காரணம் ஸ்டேல்மேட். கறுப்பு ராஜா h8 மூலையில் நிற்கிறது. வெள்ளை ராஜா h6இல், ஒரு குதிரை f6இல். g7, g8, h7 மூன்றும் அடைபட்டுவிட்டன. இன்னொரு குதிரை f7க்கோ g6க்கோ வந்தால் மேட். ஆனால் அது e1இல் இருக்கிறது, வர நேரம் வேண்டும். இப்போது கறுப்பின் முறை. ராஜாவால் நகர முடியாது, வேறு காயும் இல்லை என்றால் ஆட்டம் அங்கேயே டிரா. பூட்டைத் தளர்த்தினால் ராஜா வெளியே ஓடிவிடும்.

அதே நிலையில் d4இல் ஒரு கறுப்புச் சிப்பாயை வைத்துப் பாருங்கள். ராஜாவுக்கு வழியில்லாததால் கறுப்பு சிப்பாயைத்தான் தள்ளியாக வேண்டும். d3. குதிரை e1இலிருந்து f3க்கு வருகிறது. சிப்பாய் d2. குதிரை e5. சிப்பாய் d1 போய் ராணியாகிவிடுகிறது. ஆனால் குதிரை g6இல் குதித்து மேட். புதிய ராணி ஒரு கட்டம்கூட நகரவில்லை. நடுவில் கை நமநமத்து அந்தச் சிப்பாயை வெட்டியிருந்தால்? d3இல் வெட்டினாலும் d2இல் வெட்டினாலும் ஸ்டேல்மேட். வெட்டக் கூடாத சிப்பாய் அது.

இப்போது அதே சிப்பாயை d3இல் தொடங்க வைத்தால் கணக்கு கெட்டுவிடும். d2, d1 என்று இரண்டே நகர்த்தலில் ராணி வந்துவிடும். குதிரை e5 சேரும் வேளையில் ராணி d2இலிருந்து செக் கொடுத்து வலையைக் கிழித்துவிடும். ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். ஆகவே கேள்வி இதுதான்: சிப்பாய் எந்தக் கட்டம்வரை வந்திருந்தால் வெற்றி, எதைத் தாண்டினால் உறுதியில்லை?

1780 வாக்கில் சாப்பே என்ற பிரெஞ்சுக்காரர் சில நிலைகளை ஆராய்ந்தார். பின்னால் வந்தவர்கள் அவருடையதைத் திருத்தினார்கள்; திருத்தம்தான் தவறு, சாப்பே அடிப்படையில் சரி என்று பிறகு தெரிந்தது. 1851இல் கிளிங், ஹார்விட்ஸ் இருவரும் சில வெற்றி நிலைகளை வெளியிட்டார்கள். தனித்தனி நிலைகள் சேர்ந்தன; பொது விதி மட்டும் வரவில்லை.

அதைக் கண்டவர் அலெக்ஸி ட்ராய்ட்ஸ்கி. வனத்துறையில் வேலை பார்த்த ரஷ்யர், சதுரங்கப் புதிர்கள் அமைப்பதில் மேதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதில் இறங்கி, 1937இல் தம் முழு ஆய்வையும் அச்சேற்றினார். அவர் கேள்வியைச் சரியாகக் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு குதிரை சிப்பாயின் முன்னால் நின்று அதைத் தடுக்கட்டும். ராஜாவும் மற்றக் குதிரையும் கறுப்பு ராஜாவை மூலைக்கு விரட்டட்டும். கடைசி நேரத்தில் தடுப்புக் குதிரை புறப்பட்டு மேட் செய்ய ஓடட்டும். விடுவிக்கப்பட்ட சிப்பாய் எத்தனை நகர்த்தல் தருமோ அதற்குள் அந்த ஓட்டம் முடிய வேண்டும். இதை ஒவ்வொரு வரிசைக்கும் கணக்கிட்டு ஓர் எல்லை போட்டார்: a4, b6, c5, d4, e4, f5, g6, h4. கறுப்புச் சிப்பாய் இந்தக் கட்டங்களிலோ இவற்றுக்குப் பின்னாலோ உறுதியாகத் தடுக்கப்பட்டிருந்தால் ராஜாக்கள் எங்கே இருந்தாலும் வெள்ளைக்கு வெற்றி. தாண்டிவிட்டால் ராஜாக்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தே எல்லாம்.

கணினி வருவதற்கு முன் கையால் போட்ட கோடு இது. பிற்காலத்தில் எல்லா நிலைகளையும் அலசிய கணினிப் பட்டியல்களும் அந்தக் கோட்டை உறுதிசெய்தன. அந்தச் செய்தியைக் கேட்க ட்ராய்ட்ஸ்கி இல்லை. 1942இல் ஜெர்மானியர் முற்றுகையிட்ட லெனின்கிராடில் பட்டினியால் இறந்துபோனார்.

அதே பட்டியல்கள் ஒரு சங்கடத்தையும் காட்டின. மிக நீண்ட வெற்றிக்கு 115 நகர்த்தல்கள் வேண்டும். ஆனால் காய் வெட்டாமலும் சிப்பாய் நகராமலும் இரு தரப்பும் 50 நகர்த்தல்கள் ஆடினால் டிரா கேட்கலாம் என்பது விதி. இங்கே சிப்பாயைக் கட்டிப்போடுவதுதான் உத்தி. அது நகராதவரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். கோட்டுக்குள் சிப்பாய் இருந்தும், ராஜாவை மூலைக்கு ஓட்டுவதற்குள் ஐம்பது தீர்ந்துபோகும் நிலைகள் உண்டு. இதற்காக அந்த வரம்பைச் சில காலம் நீட்டிப் பார்த்த சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பு, பிறகு ஐம்பதுக்கே திரும்பிவிட்டது. விதி ஒருபுறம் இருக்க, விரட்டும் வேலையே கடினம். இரண்டு குதிரைகளில் ஒன்று காவலில் கட்டுண்டிருக்கிறது; மீதி ஒன்றையும் ராஜாவையும் வைத்துக்கொண்டு, நடுப் பலகையில் திரியும் ராஜாவை விளிம்புக்குத் தள்ள வேண்டும். கிராண்ட்மாஸ்டர் ஆண்டோர் லிலியந்தாலுக்கு ஆறாண்டு இடைவெளியில் இரண்டு முறை இந்த முடிவாட்டம் வாய்த்தது. இரண்டிலும் அவரால் வெல்ல முடியவில்லை.