சுரப்பது ஓரிடம், சேர்வது ஓரிடம்

வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில், கன்றை இழந்த பசுவின் முன் தோலில் வைக்கோல் அடைத்த கன்றை நிறுத்திப் பால் கறப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். பசு அதை நக்கத் தொடங்கும். மடியில் பால் இறங்கும். பாலை இறக்குவது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். 1910-இல் ஓட், ஸ்காட் இருவரும் பிட்யூட்டரியின் பின்மடல் சாற்றை ஆட்டுக்குச் செலுத்திப் பால் பெருகக் கண்டனர். 1913-இல் அதே சாறு, லிட்டர் கணக்கில் சிறுநீர் கழித்துத் தாகத்தில் தவித்த நோயாளிகளுக்கும் உதவியது. அது வாசோப்பிரசினின் வேலை. சிறுநீரகம் நீரை இரத்தத்துக்குத் திருப்பிவிட வைப்பது அதுதான்.

ஆகவே இரண்டும் பின்மடலிலேயே சுரப்பதாக எண்ணினர். ஆனால் ஒன்று உறுத்தியது. பின்மடலை மட்டும் அகற்றினால் அந்நோய் பெரும்பாலும் நாளடைவில் தணிந்தது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் சிதைந்தாலோ நீடித்தது. ஏன்? 1949-இல் ஜெர்மானிய அறிஞர் பார்க்மன் ஒரு சாயத்தைக் கொண்டு பார்த்தார். ஹைப்போதலாமஸ் செல்களில் தொடங்கிய துகள்கள், நரம்பிழைகள் வழியே பின்மடல் வரை தொடர்ந்தன. பின்மடல் வெறும் களஞ்சியம்!

தாய்ப்பாசம் வேறு கதை. 1987-இல் கெண்ட்ரிக் குழுவினர் செம்மறியின் மூளைக்குள்ளேயே ஆக்சிடோசினைச் செலுத்தினர். ஈனாத ஆடும் அந்நியக் குட்டியை ஏற்றது. இரத்தத்தில் ஓடும் ஆக்சிடோசின் மூளைக்குள் எளிதில் நுழையாது. பாலை இறக்க மாட்டுக்குப் போடும் ஊசி, கன்றின் மேல் பாசத்தைத் தருவதில்லை.